29 டிகிரிதான் காட்டுகிறது, ஆனாலும் ராத்திரி முழுக்க உடம்பு பிசுபிசுக்கிறது, ஏன்?

மடிப்பாக்கம்_மாடி:
சென்னையில் ஜூன் மாதம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான், ஆனால் காரணம் எனக்குப் புரியவில்லை. மதியம் 2 மணிக்கு 38 டிகிரி, மேற்கிலிருந்து அனல் காற்று, வீட்டுக்குள் ஃபேன் போட்டு உட்கார்ந்தால் எரிச்சலாக இருந்தாலும் சட்டை உலர்ந்தே இருக்கிறது. ராத்திரி 11 மணிக்கு செயலி 29 டிகிரி காட்டுகிறது, அதாவது 9 டிகிரி குறைந்துவிட்டது, ஆனால் அப்போதுதான் தலையணை ஈரமாகி, பனியன் முதுகோடு ஒட்டி, தூக்கமே வர மாட்டேன் என்கிறது. போன வாரம் பொள்ளாச்சியில் மாமா வீட்டில் இருந்தேன், சாயங்காலம் அங்கேயும் இதே 29 தான் காட்டியது, சுகமாக இருந்தது. ஒரே 29, இரண்டு ஊரில் இரண்டு மாதிரி. ஈரப்பதம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

சுரேஷ்_தாம்பரம்:
ஈரப்பதம்தான் ப்ரோ, வேறென்ன. மதியம் 38 சதவீதம் இருந்திருக்கும், ராத்திரி 84 சதவீதம். காற்றில் தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, அதனால் பிசுபிசுக்கிறது. அவ்வளவுதான்.

காற்றுமானி:
சுரேஷ் சொன்ன சதவீதங்கள் ஏறக்குறைய சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் சரியில்லை. தண்ணீர் இரண்டு மடங்கு ஏறவில்லை. ஒப்பு ஈரப்பதம் என்பது, அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அதில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு. அந்த அதிகபட்சமே வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் தண்ணீர் ஒரு சொட்டு கூடாமல் காற்று குளிர்ந்தாலே சதவீதம் மேலே போய்விடும்.

உங்கள் செயலியிலேயே டியூ பாயிண்ட் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். அதுதான் பனிநிலை. இப்போது இருக்கும் காற்றை, நீராவியைக் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே குளிர வைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. காற்று சூடானாலும் குளிர்ந்தாலும் இந்த எண் அசையாது, உண்மையிலேயே நீராவி கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். அதனால்தான் வானிலை பார்ப்பவர்கள் சதவீதத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்கிறார்கள்.

உங்கள் நாளையே எடுத்துக்கொள்வோம். மதியம் 2 மணிக்கு மேற்குக் காற்று, 38 டிகிரி, பனிநிலை 21 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பு ஈரப்பதம் 38 சதவீதம் வரும். 3 மணிக்கு மேல் கடற்காற்று உள்ளே நுழைகிறது, வெப்பம் 34 ஆகிறது, பனிநிலை ஒரே தாவலில் 26. இங்கேதான் தண்ணீர் நிஜமாகவே ஏறியது. சதவீதம் 63. அப்புறம் ராத்திரி 11 மணிக்கு 29 டிகிரி, பனிநிலை அதே 26, சதவீதம் 84. 63-லிருந்து 84 போனதில் காற்றில் தண்ணீர் கூடவே இல்லை, காற்று குளிர்ந்தது மட்டும்தான்.

கோவை_ராசு:
அப்போ பொள்ளாச்சி 29-க்கு என்ன பனிநிலை இருக்குமுங்க? எங்க பக்கம் ஜூன்ல பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை உடைக்கிற மாதிரி அடிக்கும், அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேனுங்க.

காற்றுமானி:
காற்று பெரிய காரணம்தான் ராசு, அதற்கு வருகிறேன். பனிநிலை அங்கே 20 பக்கம் என்று வைத்துக் கணக்குப் போடலாம், அதே 29 டிகிரியில் அது 58 சதவீதம்.

நீராவியின் அளவை எடையாகச் சொன்னால் புரியும். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம், ஏறக்குறைய 34 கன மீட்டர். பனிநிலை 26 என்றால் அந்த அறைக் காற்றில் 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது. பனிநிலை 20 என்றால் 570 கிராம் பக்கம்.

ஆனால் உடம்புக்கு இந்த கிராம் கணக்கை விட முக்கியம், தோலுக்கும் காற்றுக்கும் இடையே இருக்கும் நீராவி அழுத்த வித்தியாசம். வியர்வையில் நனைந்த தோல் 35 டிகிரி என்றால் அதன் மேலே நீராவி அழுத்தம் 56 மில்லிபார். சென்னை ராத்திரிக் காற்றில், பனிநிலை 26-க்கு, அது 33.6. வித்தியாசம் 22 சொச்சம். பொள்ளாச்சிக் காற்றில் 23.4, வித்தியாசம் 33 பக்கம். வியர்வையை ஆவியாக்கித் தள்ளுவது இந்த வித்தியாசம்தான், சென்னையில் அது மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இங்கே பலர் நினைப்பது, ஈரமான ராத்திரியில் வியர்வை ஆவியாகவே ஆகாது என்று. அப்படி இல்லை, ஆகும். உடம்பு வெளியேற்ற வேண்டிய சூடு இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஒரு கிராம் வியர்வை ஆவியானால் 2.4 கிலோஜூல் சூடு போகிறது என்பதும் ஒன்றுதான். சென்னையில் ஒவ்வொரு சதுர அங்குலத்திலிருந்தும் மெதுவாக ஆவியாகிறது என்பதால், அதே அளவு சூட்டை வெளியேற்ற உடம்பு இன்னும் அதிகமான தோல் பரப்பை நனைத்துக்கொள்கிறது. பொள்ளாச்சியில் ஒரு பங்கு தோல் ஈரமாக இருந்தால் போதும் என்றால் இங்கே ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு ஈரமாக வேண்டும். அந்த கூடுதல் ஈரப் பரப்பைத்தான் பிசுபிசுப்பு என்று உணர்கிறோம். ஈரத் தோலில் துணி வழுக்காது, உராய்ந்து ஒட்டும், பனியன் முதுகில் ஒட்டுவது அதனால்தான்.

மதியம் 38-ல் ஏன் சட்டை உலர்ந்திருந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. பனிநிலை 21 என்றால் வித்தியாசம் 31 மில்லிபார், வந்த வியர்வை வந்த வேகத்திலேயே போய்விடுகிறது. உடம்புக்கு வேலை அப்போதுதான் அதிகம், காற்றே உடம்பைச் சூடாக்குகிறது, தண்ணீர் நிறைய இழக்கிறோம். ஆனால் ஈரமாகத் தெரிவதில்லை. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உலர்ந்த சட்டையைப் பார்த்து உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு.

ராணி_மேடவாக்கம்:
பனிநிலை என்று பேசுகிறீர்களே, மார்கழியில் தலையில் பனி இறங்கிச் சளி பிடிக்கிறது, அது எத்தனை டிகிரியில் வரும்? என் பையனுக்கு 5 வயது, காலையில் ஸ்கூல் வேனுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. குல்லா போட்டால் போதுமா?

காற்றுமானி:
அக்கா, பனி மேலிருந்து இறங்குவதில்லை. மேகமில்லாத ராத்திரியில் புல், வண்டி சீட், மொட்டை மாடித் தகரம் எல்லாம் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துவிடும். அவை பனிநிலைக்குக் கீழே போனதும் அந்த இடத்திலேயே நீர் படிகிறது. சளி பற்றிக் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், அது இந்தக் கணக்கில் வராது.

பழைய_கட்டடம்:
எல்லாரும் ஒரே திசையில் போகிறீர்கள். கேள்வி கேட்டவர் பெயரைப் பாருங்கள், மாடி. மேல் தளத்தில் இருக்கிறார் என்றால் பிரச்சினை பாதிக்குப் பாதி கான்கிரீட். நாள் முழுக்க வெயில் வாங்கிய மேல்தளம், அதன் சூடு உள்பக்கத்துக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி 9, 10 மணிக்குத்தான் சீலிங் கொதிக்கும். செயலி காட்டும் 29 மீனம்பாக்கத்தில் திறந்த வெளியில் அளந்தது. அவர் அறைக்குள் 32, 33 இருக்கும். பனிநிலை கினிநிலை எல்லாம் அப்புறம், முதலில் மேலே வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி:
ஆமாம் சார், மேல் தளம்தான். சீலிங்குக்குக் கீழே கையை நீட்டினால் சூடு தெரிகிறது. ஆனால் பாய் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாலும் காற்று நின்ற ராத்திரிகளில் பிசுபிசுப்பு போகவில்லை. அதுதான் குழப்பம்.

காற்றுமானி:
பழைய_கட்டடம் சொல்வது சரியான கூடுதல் காரணம், சூடான சீலிங்கிலிருந்து வரும் கதிர்வீச்சு உடம்பு இழக்க வேண்டிய சூட்டின் அளவைக் கூட்டுகிறது, வியர்வை இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் மாடியிலும் பிசுபிசுப்பு இருக்கிறது என்றால் அது நீராவியின் வேலை. வெள்ளை அடித்தால் அறை குளிரும், பனிநிலை ஒரு டிகிரிகூட இறங்காது.

பழைய_கட்டடம்:
அறை 33-லிருந்து 30 ஆனால் போதும் தம்பி, தூங்கிவிடலாம். பனிநிலையை இறக்குவது நம் கையில் இல்லை, சீலிங் நம் கையில் இருக்கிறது. நான் சொல்வதில் மாற்றமில்லை.

தம்மாம்_தமிழன்:
நான் சவுதி கிழக்குக் கரையில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் ராத்திரி ஷிப்டுக்கு ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி முழுக்க மூடிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது, துடைத்தாலும் மறுபடி மூடும். சென்னைக்காரர்கள் 26-க்கே இப்படிப் பேசுகிறீர்கள், எங்களுக்கு 30, 31 சாதாரணமாக வரும். பாலைவனம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், இங்கே ஏன் இவ்வளவு?

காற்றுமானி:
உங்கள் பக்கத்தில்தான் உலகத்திலேயே மிக அதிகம் என்று சொல்லப்படும் பனிநிலை பதிவானது, 2003 ஜூலை 8, தஹ்ரான், 35 டிகிரி. தோல் வெப்பமும் 35 பக்கம்தான். மேலே சொன்ன அழுத்த வித்தியாசம் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகிவிடும், எவ்வளவு வியர்த்தாலும் ஆவியாகிப் பலன் தராது. அந்த அளவில் அது அசௌகரியம் இல்லை, உயிருக்கு ஆபத்து.

காரணம் கடல். கடலோரக் காற்றின் பனிநிலை, அந்தக் கடலின் மேற்பரப்பு வெப்பத்தை நெருங்கலாம், அதைத் தாண்டி அதிகம் போக முடியாது. பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல், கோடையில் நன்றாகக் கொதித்துவிடும். நம் வங்கக் கடல் சென்னை ஓரத்தில் 29 டிகிரி பக்கம் இருக்கும்போது கடற்காற்று 25, 26, சில நாள் 27 பனிநிலையோடு வருகிறது. அதனால்தான் இங்கே 35 வருவதில்லை.

உங்கள் மூக்குக் கண்ணாடிதான் பனிநிலைக்கு நேரடிச் சாட்சி. ஏசியில் இருந்த கண்ணாடி 23 டிகிரி என்றால், வெளிக்காற்றின் பனிநிலை 23-க்கு மேலே இருந்தால் மூடியே தீரும்.

மீனா_அடையார்:
எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி வானம் தெளிவாக இருந்தாலும் வெப்பம் 27, 28-க்குக் கீழே இறங்குவதே இல்லையே? பெங்களூரில் படித்தபோது விடிகாலையில் நன்றாகக் குளிரும்.

காற்றுமானி:
நல்ல கேள்வி மேடம், இதுவும் பனிநிலைதான். காற்று குளிர்ந்து பனிநிலையை நெருங்க நெருங்க நீராவி நீராகத் தொடங்கும், அப்போது ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கிலோஜூல் சூட்டை வெளியே விடும். குளிர்ச்சி அங்கேயே தடைபட்டு நின்றுவிடுகிறது. அதோடு, நீராவி நிறைந்த காற்று தரையிலிருந்து மேலே போகும் சூட்டை வாங்கித் திருப்பிக் கீழே அனுப்புகிறது. அதனால் மாலையில் பனிநிலை 26 என்று பார்த்தால், காற்றின் திசை மாறாதவரை, விடிகாலை 26-க்குக் கீழே போகாது என்று அப்போதே சொல்லிவிடலாம். பனிநிலை 26 என்பது ஒரு ராத்திரிக்கு இரண்டு தண்டனை: வியர்வையும் காய விடாது, வெப்பத்தையும் இறங்க விடாது.

சுரேஷ்_தாம்பரம்:
சரி, ஒப்புக்கொள்கிறேன், சதவீதம் ஏமாற்றுகிறது. ஆனால் ஊட்டியில் ராத்திரி 95 சதவீதம் காட்டும், ஒரு பிசுபிசுப்பும் இல்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 12 டிகிரி இருந்தால் பனிநிலை 11 தான் இருக்கும், சரியா? சதவீதம் 100-லிருந்து 5 குறைந்தால் பனிநிலை 1 டிகிரி கீழே என்று எங்கேயோ படித்தேன்.

காற்றுமானி:
சரி. அந்தக் குறுக்கு வழி 50 சதவீதத்துக்கு மேலே நன்றாக வேலை செய்யும். 29 டிகிரி, 84 சதவீதம் என்றால் 16-ஐ 5-ஆல் வகுத்து 3 கழிக்கலாம், 26. மதியத்து 38 சதவீதத்துக்கு இதைப் போட்டால் 25, 26 என்று வரும், உண்மை 21, அங்கே தப்பாகப் போகும்.

செயலியை நம்பாதவர்கள் விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கையைப் பாருங்கள். இந்த வடிவத்தில் ஒரு வரி வரும்:

```
VOMM 121730Z 21004KT 5000 HZ FEW020 29/26 Q1005 NOSIG
```

`VOMM` சென்னை. `1730Z` என்றால் நம் நேரத்துக்கு ராத்திரி 11 மணி. `29/26`-ல் முதல் எண் வெப்பம், இரண்டாவது பனிநிலை. `21004KT` என்பது தென்மேற்கிலிருந்து வெறும் 4 நாட் காற்று. கோவைக்கு `VOCB` என்று தேடுங்கள், ஜூன், ஜூலையில் இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ராசு சொன்ன காற்றின் வித்தியாசமும் தெரியும். காற்று நின்றால் தோலை ஒட்டி ஈரமான ஒரு படலம் அப்படியே தங்கிவிடும், அசைந்தால் அது விலகிப் புதுக் காற்று வரும். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, இந்தப் படலத்தை விலக்குகிறது.

வேலு_ஃபர்னிச்சர்:
போன வருஷம் ஏர் கூலர் வாங்கினேன். மதியம் நன்றாக இருக்கிறது, ராத்திரி போட்டால் இன்னும் மோசமாக இருக்கிறது. கடைக்காரர் மோட்டார் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

காற்றுமானி:
மாற்ற வேண்டாம் அண்ணா, மோட்டாரில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர வைக்கிறது. மதியம் 38 டிகிரி, பனிநிலை 21 என்றால் கணக்குப்படி 26 வரை இறக்கலாம், நல்ல கூலர் அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ராத்திரி 29/26 என்றால் எவ்வளவு நல்ல கூலராக இருந்தாலும் 27-க்குக் கொஞ்சம் கீழே அதன் எல்லை. 2 டிகிரி குளிர்ச்சிக்காக, ஏற்கெனவே ஈரமான அறையில் இன்னும் தண்ணீரைச் சேர்க்கிறீர்கள். ராத்திரியில் பம்ப்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஏசி_மெக்கானிக்_குமார்:
ஏசி பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன், வாடிக்கையாளர் நிறைய பேர் இதற்காகக் கூப்பிடுவார்கள். சின்ன அறைக்கு இரண்டு டன் போட்டிருப்பார்கள், பெரிதாகப் போட்டால் நல்லது என்று. பத்து நிமிஷத்தில் 24 வந்துவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். காயில் மேலே பிடித்த தண்ணீர் டிரெயின் பைப்புக்குப் போவதற்கு முன்னாலேயே உள்ளே ஓடும் ஃபேன் அதை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். அறை சில்லென்று இருக்கும், பெட்ஷீட் நமுத்துப் போன மாதிரி இருக்கும். ஈரத்தை எடுக்க கம்ப்ரசர் நீளமாக ஓட வேண்டும். ராத்திரி டிரெயின் பைப்பில் தண்ணீர் விடாமல் சொட்டுகிறதா என்று பாருங்கள், சொட்டவில்லை என்றால் ஈரம் வெளியே போகவில்லை. அந்த மாதிரி வீட்டில் ட்ரை மோடு போட்டு சீலிங் ஃபேனைச் சின்னதாக வைக்கச் சொல்வேன், 26-லேயே நன்றாக இருக்கும்.

மீனா_அடையார்:
எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ராத்திரி வெளிப்பக்கம் தண்ணீர் வழிகிறது, ஏசி லீக் என்று நினைத்தோம்.

ஏசி_மெக்கானிக்_குமார்:
லீக் இல்லை மேடம். உள்ளே 23, 24 வைக்கிறீர்கள், கண்ணாடியும் அதோடு சேர்ந்து குளிர்ந்துவிடும், வெளியே இவர் சொல்கிற 26. அதனால் வெளிப்பக்கம் வேர்க்கிறது. உள்பக்கம் வேர்த்தால்தான் என்னைக் கூப்பிடுங்கள்.

கோவை_ராசு:
எத்தனை பனிநிலைக்கு மேலே புழுக்கம்னு சொல்லலாமுங்க? ஒரு அமெரிக்கத் தளத்துல 18-க்கு மேலயே கஷ்டம்னு போட்டிருக்கான்.

காற்றுமானி:
அவர்கள் ஊரில் 21 வந்தால் தாங்க முடியாது என்பார்கள். சென்னையில் 22 என்றால் மக்கள் நல்ல ராத்திரி என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். உடம்பு பழகுவது உண்டு, ஃபேன் வேகம், உடை, படுக்கை எல்லாம் மாற்றும். என் கணக்கில் இங்கே 24 வரை ஃபேனில் சமாளிக்கலாம், 25-க்கு மேல் கஷ்டம். எல்லாருக்கும் பொதுவான கோடு எதுவும் கிடையாது.

மீனா_அடையார்:
இல்லை, 24-லேயே எனக்குத் தூக்கம் வராது. மாதவிடாய் நிற்கும் வயதில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் கோடு அங்கே செல்லாது.

மடிப்பாக்கம்_மாடி:
எல்லாருக்கும் நன்றி. கருவி இல்லாமல் வீட்டுக்குள் பனிநிலையை அளக்க முடியுமா? அறைக்குள்ளும் மாடியிலும் வித்தியாசம் பார்க்க வேண்டும்.

காற்றுமானி:
முடியும். எவர்சில்வர் டம்ளரை எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீர் பாதி ஊற்றி, சமையல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, ஐஸைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். வெளிப்பளபளப்பு மங்கும் முதல் நொடியில் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஸ் போடாமல் விட்டு, மங்கல் மறையும்போது மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பனிநிலை. டம்ளர் மேல் மூச்சு படக் கூடாது, ஐஸை மொத்தமாகக் கொட்டினால் எண் தாறுமாறாகக் கீழே வரும்.

மடிப்பாக்கம்_மாடி:
நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். மாடியில் 26. ஜன்னல் மூடி நாங்கள் மூன்று பேர் படுத்திருந்த அறையில் 27-க்குச் சற்று மேலே. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடுவோம்.

காற்றுமானி:
அந்த ஒரு டிகிரி உங்கள் மூன்று பேரின் மூச்சும் வியர்வையும். ஒரு ஆள் தூக்கத்தில் மணிக்கு 40 கிராம் பக்கம் தண்ணீரைக் காற்றில் விடுவார், மூடிய அறையில் அது போக வழியில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள்.

பழைய_கட்டடம்:
வலை அடித்தால் காற்று பாதிக்குப் பாதி குறையும், மாடி வீட்டில் அதுவும் போய்விடும். படுக்கைக்கு மேலே கட்டும் வலையும் அப்படித்தான். எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால்தான் வேலை ஆகும்.

காற்றுமானி:
எக்ஸாஸ்ட் வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும், 27 என்பது 26 ஆகும், அதற்கு மேல் இறங்காது. ஆனால் சூடான சீலிங் காற்றும் சேர்ந்து வெளியே போகும் என்பதால் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாடி, இரண்டையும் வேறு வேறு ராத்திரி செய்து, டம்ளர் எண்ணோடு அறை வெப்பத்தையும் சேர்த்துப் போடுங்கள், காற்று நின்ற ராத்திரியாகப் பார்த்து.